90% என்றால் 90 மார்க்ஸ் இல்லை

கேள்வி: பட விமர்சனங்களைத் திரட்டும் ரொட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 90% எடுத்த படம் எனக்குச் சுமாராகத்தான் இருந்தது. காசு கொடுத்து ஏற்றுகிறார்களா?

நீங்கள் அதை நூற்றுக்கு 90 மார்க்ஸ் என்று நம்பிப் படம் பார்த்திருப்பீர்கள். நூறு விமர்சகரில் 90 பேர் 'பார்க்கலாம்' பக்கம் நின்றார்கள் என்பதுதான் அதன் அர்த்தம்.

திருகோணமலை உவர்மலையில் நான் டிவிடி வாடகைக் கடை வைத்திருந்தேன். திருப்பித் தர வருபவரிடம் படம் எப்படி என்று கேட்டு, சீஆர் கொப்பியில் சரி அல்லது பிழை போடுவேன். ஒரு படத்துக்கு 20 பேரில் 18 சரி. அதைக் காட்டித்தான் ஒரு அக்காவுக்குக் கொடுத்தேன். மறுநாள் வந்து, "தம்பி, இதையோ நல்ல படமெண்டு தந்தனீர்?" என்றார். யோசித்துப் பார்த்தால் அந்த 18 பேரில் முக்கால்வாசிப் பேர் "பரவாயில்லை" என்றவர்கள். பரவாயில்லைக்கும் அருமைக்கும் ஒரே சரிதான் போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அருமைக்கு இரண்டு சரி போட்டேன். (அந்தக் கடையை மூடியது படத்தால் இல்லை, கட்டட உரிமையாளர் ஒரே வருடத்தில் இரண்டு முறை வாடகையை ஏற்றியதால். இன்றைக்கும் வயிறு எரிகிறது.)

ரொட்டன் டொமேட்டோஸ் காட்டும் அந்தச் சதவீதமான டொமேட்டோமீட்டரும் என் பழைய கொப்பி மாதிரித்தான். 60% அல்லது அதற்கு மேல் என்றால் சிவப்புத் தக்காளி, இல்லாவிட்டால் பச்சை. மெட்டாகிரிட்டிக் என்ற இன்னொரு தளம் அப்படியில்லை, ஒவ்வொரு விமர்சனத்தையும் நூற்றுக்கு இத்தனை என்று மாற்றி, சில விமர்சகர்களுக்குக் கூடுதல் எடை கொடுத்து, சராசரி எடுக்கிறது. எல்லோரும் பரவாயில்லை என்ற படம் அங்கே அறுபதுகளில் நிற்கும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, காசு விஷயம். நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 'ஒஃபீலியா' என்ற படம் 13 விமர்சனத்தோடு 46%இல் கிடந்தது, அதாவது 6 பேருக்குத்தான் பிடித்திருந்தது. பிறகு 8 விமர்சனம் சேர்ந்தது, அதில் 7 சாதகம். 21இல் 13, 62%, பச்சை சிவப்பாகிவிட்டது. ஒரு விளம்பர நிறுவனம் சிறிய விமர்சகர்களுக்கு 50 டாலரும் அதற்கு மேலும் கொடுத்து எழுத வைத்தது என்று 2023இல் வல்ச்சர் இதழ் எழுதியது. நிறுவனம் மறுத்தது, ஆனாலும் ரொட்டன் டொமேட்டோஸ் அவர்களுடைய பல படங்களை நீக்கியது.

அந்த வேலை சின்னப் படத்தில்தான் எடுபடும். 300 விமர்சனம் உள்ள படம் 46%இல் இருந்தால், அதே எட்டும் சேர்ந்து 47க்குத்தான் தள்ளும். அதனால் பெரிய ஸ்டூடியோக்கள் ஸ்கோரைத் தொடுவதில்லை, விமர்சனம் வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறார்கள். விமர்சகருக்குப் படத்தை முன்கூட்டியே காட்டி, இந்த நேரம் வரை விமர்சனத்தை வெளியிடக் கூடாது என்று தடை போடுவார்கள். நல்ல படம் என்று நம்பினால் பல நாள் முன்பே தடை விலகும். நம்பிக்கை இல்லாவிட்டால் வெளியீட்டுக்குக் கொஞ்சம் முன்னால்தான், அதற்குள் முன்பதிவு முடிந்துவிடும். கதை வெளியே கசியக் கூடாது என்று பொத்தி வைப்பவர்களும் உண்டு, அதற்காக என்னோடு சண்டைக்கு வராதீர்கள். ஆனாலும் வியாழன் மாலை வரை ஒரு விமர்சனமும் கண்ணில் படாவிட்டால் வெள்ளிக்கிழமைக்கு நான் டிக்கெட் எடுப்பதில்லை.