லட்சக்கணக்கான புள்ளிகளை ஏன் அறுகோணங்களில் எண்ணுகிறார்கள்?

கேள்வி: நியூயார்க் டாக்சிகள் பயணிகளை ஏற்றிய இடங்களைப் புள்ளிகளாகப் போட்டால் எல்லாம் ஒரே திட்டாகத் தெரிகிறது. வட்டாரவாரியாக எண்ணினால் போதாதா, அறுகோணம் எதற்கு?

ஊரின் மேல் ஒரே அளவுள்ள அறுகோணக் கட்டங்களைப் பரப்பி, ஒவ்வொன்றிலும் விழும் புள்ளிகளை எண்ணி, எண்ணிக்கைக்கேற்ப நிறம் தீட்டுவதுதான் இந்த முறை.

முற்றத்தில் ஒரு அண்டாவையும் ஒரு சொம்பையும் மழைக்கு வைத்தால் அண்டாவில்தான் அதிகத் தண்ணீர் சேரும். அங்கே மழை வலுத்ததால் அல்ல, அதன் வாய் அகலம். வட்டாரங்களும் அப்படித்தான், அளவு ஒன்றுபோல் இருக்காது. நியூயார்க்கில் கென்னடி விமான நிலையம் முழுவதும் ஒரே டாக்சி வட்டாரம். முனைய வாசலில் ஆள் ஏறியதற்கு, கார் போகவே முடியாத ஓடுபாதைக்கும் சேர்த்து நிறம் விழும்.

சரி, சதுரக் கட்டம் போடலாமே? போடலாம். ஆனால் மூலையைத் தொடும் சதுரம், பக்கத்தைத் தொடும் சதுரத்தைவிட சுமார் 1.41 மடங்கு தள்ளி இருக்கிறது. அறுகோணத்துக்கு ஆறு அண்டைக் கட்டங்களும் சம தூரம். அடர்த்தி எந்தத் திசையில் பரவினாலும் ஒரே மாதிரி தெரியும்.

ஒரு நிபந்தனை: புள்ளிக்கு அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கவேண்டும். 2016 ஜூலையிலிருந்து நியூயார்க் டாக்சித் தரவில் வட்டார எண் மட்டுமே வருகிறது. அதற்கு முன் அட்சரேகை, தீர்க்கரேகையோடு வெளியான பழைய தரவே உதவும்.

எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்துப் படம் மாறுவதுதான் எல்லைச் சார்பு. அறுகோணம் போட்டால் அது அடியோடு ஒழியும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் ஒழியாது. கட்டத்தின் அளவை மாற்றினாலோ வலையைச் சற்று நகர்த்தினாலோ படமும் மாறும் என்பதால், இரண்டு மூன்று அளவுகளில் போட்டுப் பார்த்து எல்லாவற்றிலும் நிற்கும் அடர்த்தியை மட்டும் நம்புங்கள்.