பையனின் கண் எங்கே போகிறது?

உதவித்தொகை விண்ணப்பத்துக்காகப் பையன் பேசி, குடியாத்தத்திலிருந்து நீங்கள் அனுப்பிய வீடியோவை மூன்று தடவை பார்த்தேன் அண்ணே. பையன் நன்றாகப் பேசக்கூடியவன். ஆனால் இதில் ஒப்பிக்கிறான். நாற்பதாவது நொடியில் அவன் கண் கேமராவை விட்டு வலது பக்கம் ஓடுகிறது. அங்கே நீங்கள் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், இல்லையா? வரி மறக்கும்போதெல்லாம் உங்களைத்தான் பார்க்கிறான். உதவித்தொகைக்கு ஆள் எடுப்பவர்களுக்கு அது தெரிந்துவிடும். அடுத்த முறை அவன் பேசும்போது நீங்கள் அந்த அறையில் இருக்க வேண்டாம். தப்பாக நினைக்காதீர்கள், அவனுக்கு அதுதான் நல்லது.

எழுதிக் கொடுத்த பக்கத்தையும் எடுத்து வைத்துவிடுங்கள். 'கடின உழைப்பே என் பலம்' என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். என்னிடம் நேரில் வந்தபோது அவன் சொன்னது வேறு. பள்ளி விட்டு வந்ததும் உங்கள் லுங்கித் தறிக்கு ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றுகிறான். நூல் அடிக்கடி அறுந்தபோது, எந்தச் சிட்டத்தில் எத்தனை தடவை அறுகிறது என்று ஒரு வாரம் நோட்டில் குறித்து வைத்திருக்கிறான். ஏன் அறுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க ஆசைப்படுகிறான். இதைச் சொல்லும்போது அவன் கை தானாக ராட்டை சுற்றியது. அந்தக் கையும் அந்தக் குரலும் வீடியோவில் வர வேண்டும்.

ஒரு துண்டுச் சீட்டில் நான்கே சொல் எழுதச் சொல்லுங்கள்: பெயர், தார், நோட்டு, விடுதி. பெயருக்கும் படிப்புக்கும் பதினைந்து நொடி போதும். நோட்டுக் கதைக்கு ஒரு நிமிடம் தாராளமாகத் தரலாம். மீதி நேரத்தில், இந்தப் பணம் கிடைத்தால் விடுதிக் கட்டணம் எப்படி அடைபடும் என்று சொல்லட்டும். வீட்டுக் கஷ்டத்துக்கு ஒரே வாக்கியம் போதும், குரல் தழுதழுக்க வேண்டாம். வருமானச் சான்றிதழ்தான் விண்ணப்பத்தோடு போகிறதே. முதலில் கேமரா இல்லாமல் அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்க்கட்டும். ஒவ்வொரு தடவையும் சொற்கள் மாறினால் நல்லதுதான், மனப்பாடம் விட்டுப்போயிற்று என்று அர்த்தம். மொத்தம் 1 நிமிடம் 50 நொடியில் முடித்தால் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது.

இப்போது ஜன்னல் அவன் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் முகம் கறுப்பாகத் தெரிகிறது. ஜன்னலைப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள். போனைப் படுக்கை வாட்டில், கண் உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வையுங்கள். தலைக்கு மேலே நான்கு விரல் இடமும், கீழே மார்பு வரையும் தெரிந்தால் சரி. திரையில் தன் முகத்தைப் பார்க்காமல் கேமராப் பொட்டைப் பார்க்க வேண்டும். பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டினால் கண் அங்கேயே நிற்கும்.

காலை ஆறரைக்கு, தெருவில் தறி ஓடத் தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள். அந்த இரண்டு நிமிடம் ஃபேனை நிறுத்தி வையுங்கள். எடுத்த பிறகு போனைக் கவிழ்த்து வைத்துக் குரலை மட்டும் கேளுங்கள். ஒரு சொல் புரியாவிட்டாலும் மறுபடி எடுக்க வேண்டும். அப்புறம் எனக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள், தரம் குறைந்துவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், பார்த்துவிட்டு அன்றைக்கே சொல்கிறேன்.