பைனோமியல் மரத்தில் ஒரு புட் ஆப்ஷனின் விலை

கேள்வி: பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம் இருக்கும்போது பைனோமியல் மரம் எதற்கு? அதில் படிப்படியாக விலை எப்படி வருகிறது? காலாவதிக்கு முன்பே பயன்படுத்தக்கூடிய ஆப்ஷனுக்கு இதுதான் பொருத்தம் என்கிறார்களே, ஏன்?

பதில்:

இரண்டே படி உள்ள ஒரு சின்ன மரத்தைக் கையால் போட்டுப் பார்த்தால் இந்த மூன்றுக்கும் ஒரே இடத்தில் விடை கிடைத்துவிடும். பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பங்கின் இன்றைய விலை 100. ஒவ்வொரு படியிலும் அது 1.25 மடங்காக ஏறும், அல்லது 0.8 மடங்காக இறங்கும். ஒரு படிக்கு வட்டி 5%. டிவிடெண்ட் கிடையாது. நம்மிடம் இருப்பது ஒரு புட்: பங்கை 110-க்கு விற்கும் உரிமை. அமெரிக்க வகை, அதாவது எப்போது வேண்டுமானாலும் அந்த உரிமையைப் பயன்படுத்தலாம்.

முதல் படியில் பங்கு 125 அல்லது 80. இரண்டாம் படியில் 156.25, 100, 64. ஏறி இறங்கினாலும் இறங்கி ஏறினாலும் அதே 100-க்குத்தான் வருகிறோம், ஏனென்றால் 0.8 என்பது 1.25-இன் தலைகீழ். கிளைகள் இப்படி மீண்டும் சேர்வதால்தான் மரம் அடங்கி நிற்கிறது. ஆயிரம் படி போட்டாலும் கடைசி வரிசையில் 1001 கணுக்கள்தான். சேராவிட்டால் ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை இரட்டித்துக்கொண்டே போகும், எந்தக் கணினியும் தாங்காது.

அடுத்தது எடை. ஏறும் கிளைக்கு p = (1.05 − 0.8) / (1.25 − 0.8) = 5/9, இறங்கும் கிளைக்கு 4/9. பங்கு ஏறும் என்று நாம் எவ்வளவு நம்புகிறோம் என்பதற்கும் இந்த p-க்கும் தொடர்பில்லை. பங்கையும் கடனையும் சரியான அளவில் கலந்து வைத்தால் ஆப்ஷன் தரும் தொகையை இரண்டு கிளைகளிலும் அச்சாக எட்டலாம். அந்தக் கலவைக்கு ஆகும் செலவுதான் ஆப்ஷனின் விலை. அதைக் கணக்குப் போட்டால் தானாக வந்து விழும் எண்தான் p. காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டைன் மூவரும் 1979-இல் வெளியிட்ட கட்டுரையின் அடிப்படை இதுதான்.

சரி, இப்போது கடைசி வரிசையிலிருந்து பின்னால் வருவோம். காலாவதியில் புட்டின் மதிப்பு: 156.25-இல் 0, 100-இல் 10, 64-இல் 46.

125 என்ற கணுவில், காத்திருந்தால் கிடைக்கும் மதிப்பு (5/9 × 0 + 4/9 × 10) / 1.05 = 4.23. இங்கே 125 பெறும் பங்கை 110-க்கு விற்பதில் அர்த்தமே இல்லை, அதனால் 4.23.

80 என்ற கணுதான் முக்கியம். காத்திருந்தால் (5/9 × 10 + 4/9 × 46) / 1.05 = 24.76. இப்போதே விற்றால் 110 − 80 = 30. பெரியது 30, அதையே அந்தக் கணுவில் எழுதுகிறோம்.

அந்த 5.24 வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 80-இலிருந்து பங்கு எங்கே போனாலும், 100 ஆகட்டும் 64 ஆகட்டும், 110-க்குக் கீழேதான். ஆகவே அடுத்த படியில் எப்படியும் விற்கத்தான் போகிறோம். காத்திருப்பதால் கூடுதலாக எந்த வாய்ப்பும் கிடைக்காது, 110 கைக்கு வருவது மட்டும் ஒரு படி தள்ளிப் போகிறது. அடுத்த படியில் வரும் 110-இன் இன்றைய மதிப்பு 110 / 1.05 = 104.76. இழப்பது சரியாக அந்த 5.24. புட்டை முன்கூட்டியே பயன்படுத்தத் தூண்டுவது ஸ்ட்ரைக் தொகையான 110 மீதான இந்த வட்டிதான். காத்திருக்கச் சொல்வது, பங்கு 110-ஐத் தாண்டிவிடுமோ என்ற வாய்ப்பின் மதிப்பு. 80-இல் அது பூஜ்யம்.

வேருக்கு வந்தால் (5/9 × 4.23 + 4/9 × 30) / 1.05 = 14.94. இன்றே பயன்படுத்தினால் 10 மட்டுமே, எனவே விலை 14.94. 80-இல் 30-க்குப் பதில் 24.76-ஐயே விட்டிருந்தால், காலாவதியில் மட்டுமே பயன்படுத்தக்கூடிய ஐரோப்பிய புட்டின் விலை 12.72 வந்திருக்கும். முன்கூட்டியே பயன்படுத்தும் உரிமையின் விலை இவற்றின் வித்தியாசம், 2.22.

பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம் காலாவதி நாளை மட்டுமே பார்க்கிறது. நடுவில் 80-இல் நின்று முடிவெடுக்க அதில் இடமில்லை. எந்த விலைக்குக் கீழே போனால் பயன்படுத்த வேண்டும் என்ற எல்லை முன்கூட்டியே தெரிந்தால் வேறு வழிகள் உண்டு, ஆனால் அந்த எல்லையையே அல்லவா கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது! பங்கு போகக்கூடிய பாதைகளைத் தற்செயலாகப் பலமுறை உருவாக்கிச் சராசரி எடுக்கும் சாதாரண மான்டி கார்லோவுக்கும் இதே சிக்கல். அது முன்னோக்கி நடக்கிறது. 80-ஐ அடைந்ததும் 30 கிடைக்கும் என்று அதற்குத் தெரியும், காத்திருந்தால் எவ்வளவு என்று தெரியாது. மரத்தில் பின்னோக்கி வருவதால், ஒரு கணுவை எட்டும்போது அதற்கு அப்பால் உள்ள எல்லா முடிவுகளும் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். இரண்டு எண்களும் கையில் இருக்கின்றன, ஒப்பிட்டால் போதும். எல்லை தானாகவே தெரிந்துவிடும்.

இதையே நிரலாக எழுதினால்:

```python
def put(S, K, u, d, R, n):
    p = (R - d) / (u - d)
    v = [max(K - S*u**j*d**(n-j), 0) for j in range(n+1)]
    for i in range(n-1, -1, -1):
        for j in range(i+1):
            hold = (p*v[j+1] + (1-p)*v[j]) / R
            v[j] = max(hold, K - S*u**j*d**(i-j))
    return v[0]
```

`put(100, 110, 1.25, 0.8, 1.05, 2)` என்று கொடுத்தால் 14.94 வர வேண்டும். நான் முதன்முதலில் எழுதியபோது ஐரோப்பிய விலையை வேர் வரை கொண்டுவந்து, அங்கே மட்டும் ஒப்பிட்டேன். அப்படிச் செய்தால் 12.72-க்கும் 10-க்கும் இடையில் பெரியதாக 12.72 வரும், பார்ப்பதற்கு நியாயமான எண்ணாகவே தோன்றும். `max` உள் சுழலில், ஒவ்வொரு கணுவிலும் இருக்க வேண்டும். அங்கே வந்த பெரிய எண்தான் முந்தைய கணுவுக்குப் போக வேண்டும்.

நிஜக் கணக்கில் u-வை நாமாகச் சொல்வதில்லை, ஏற்ற இறக்க அளவான σ-விலிருந்து u = e^(σ√Δt), d = 1/u என்று எடுக்கிறோம், R = e^(rΔt). படிகளைக் கூட்டும்போது விலை நேராக ஓரிடத்துக்குப் போகாது. ஒற்றைப்படைக்கு ஒரு பக்கம், இரட்டைப்படைக்கு மறுபக்கம் என்று ஊசலாடும். 200 படி, 201 படி இரண்டையும் போட்டுச் சராசரி எடுப்பது எளிய தீர்வு. σ மிகச் சிறியதாகவும் படி நீளமாகவும் இருந்தால் R, u-வைத் தாண்டி p ஒன்றுக்கு மேல் போய்விடும். அப்போது வரும் விலையை நம்பாதீர்கள், படிகளைக் கூட்டுங்கள். குறிப்பிட்ட தொகையாக டிவிடெண்ட் வந்தால் கிளைகள் மீண்டும் சேராது, அதற்கு மரத்தை வேறு விதமாகக் கட்ட வேண்டும்.

நிரல் சரிதானா என்று பார்க்க எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. இதையே பங்கை வாங்கும் உரிமையான கால் ஆப்ஷனுக்கு மாற்றி, டிவிடெண்ட் இல்லாமல் அமெரிக்க விலை, ஐரோப்பிய விலை இரண்டையும் எடுங்கள். கால் ஆப்ஷனில் ஸ்ட்ரைக் தொகையைக் கொடுப்பவர் நாம், அதனால் காத்திருந்தால் வட்டி நம் பக்கம். வட்டி எதிர்மறையாக இல்லாதவரை முன்கூட்டியே பயன்படுத்தக் காரணமே இல்லை, இரண்டு விலையும் அச்சாக ஒன்றாக வர வேண்டும். மாறி வந்தால் `hold` வரியைத்தான் முதலில் பார்ப்பேன்.