பல் செட் இருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை

கேள்வி: களியக்காவிளைப் பக்கம் வீடு வீடாகச் சென்று முதியவர்களைப் பார்க்கும் செவிலியர் நான். 74 வயது அம்மா ஒருவர் நான்கு மாதத்தில் 52 கிலோவிலிருந்து 47 கிலோவுக்கு இறங்கிவிட்டார். ரத்தப் பரிசோதனைகளில் குறையில்லை. கேட்டால் ‘பசியில்லை’ என்கிறார். பல் செட் வைத்திருப்பதால் வாயை நான் பார்க்கவில்லை. எங்கே தேடுவது?

பதில்: அடுத்த முறை மதியச் சாப்பாட்டு வேளையில் போய், அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை உடனிருங்கள். நம் பகுதியில் வெப்புப்பல் வைத்திருக்கும் பலர், ஆள் வரும்போது அதை மாட்டிக்கொண்டு, சோற்றின் முன் உட்காரும்போது கழற்றி வைத்துவிடுகிறார்கள். அதைச் சொல்லக் கூச்சப்படுவதால், மெல்ல முடியாததைப் ‘பசியில்லை’ என்றே சொல்லிவிடுவதும் உண்டு.

நான் பார்த்த ஒரு பெரியவர் மரச்சீனிக் கிழங்கையும் குழம்பையும் விரும்பிச் சாப்பிட்டார். மீனையும் பயறு துவரனையும் தொடவில்லை. மேல் செட் அண்ணத்தை மூடியிருந்ததால் மீன் முள் நாவுக்குத் தட்டுப்படவில்லை என்றும், துவரனின் தேங்காய்ப்பூ கீழ் செட்டுக்கு அடியில் புகுந்து குத்தியது என்றும் பிறகு சொன்னார். தட்டிலிருந்து போனவை இரண்டே பண்டங்கள்தான். ஆனால் அவருடைய புரதத்தில் பெரும்பகுதி அவற்றில்தான் இருந்தது. ஆகவே ‘நன்றாகச் சாப்பிடுகிறீர்களா’ என்று கேட்பதை விட, ‘ஒரு வருடத்துக்கு முன் சாப்பிட்டு இப்போது விட்டுவிட்டது எது’ என்று கேட்பது பயன் தரும். கஞ்சி, டீயில் நனைத்த பிஸ்கட் என்று உணவு சுருங்கியிருந்தாலும், ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்து விழுங்கினாலும், மென்ற சக்கையைத் துப்பினாலும், செட் டக்டக்கென்று ஒலித்தாலும் சந்தேகம் வலுக்கும்.

சாப்பாடு முடிந்ததும் கையுறை போட்டுக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் வாயைப் பாருங்கள். முதலில் செட் வாயில் இருக்கும்போதே செட்டின் இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களையும் விரலால் மாறி மாறி அழுத்துங்கள். ஒரு பக்கம் அழுத்த மறுபக்கம் எழும்பினால் அது சரியாக உட்காரவில்லை. வாயைப் பாதி திறந்து நாக்கை லேசாக உயர்த்தச் சொன்னதும் கீழ் செட் மிதந்தாலும் அப்படியே. பல் எடுத்தபின் தாடை எலும்பு ஆண்டுதோறும் தேய்கிறது. கீழ்த்தாடையில் அந்தத் தேய்வு மேல்தாடையை விட அதிகம் என்பதால் முதலில் தளர்வது பெரும்பாலும் கீழ் செட்டுதான். வாய் உலர்ந்திருந்தால் மேல் செட்டும் பிடிக்காது. அமிட்ரிப்டிலின், சளி அலர்ஜிக்கான சில மாத்திரைகள், சிறுநீர்ப்பைக்கான சில மருந்துகள் எச்சிலைக் குறைக்கும் என்பதால் மருந்துச் சீட்டையும் பாருங்கள்.

பிறகு செட்டைக் கழற்றச் செய்யுங்கள். கழற்றாமல் பார்த்தால் பார்த்ததாகவே ஆகாது. செட் மூடியிருந்த அண்ணம் மட்டும் சிவந்திருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். வாயோர வெடிப்பும் அதனோடு சேர்ந்து வரும். கீழ் ஈறுக்கும் கன்னத்துக்கும் இடையிலுள்ள பள்ளத்தில், செட்டின் விளிம்பு படும் இடத்தில் புண்ணோ சதைமடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். செட்டைக் கழற்றி வைத்தும் இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை, முக்கியமாக வெற்றிலை, புகையிலை பழக்கம் உள்ளவரிடம், புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். பூஞ்சைக்கு மைக்கோனசோல் ஜெல் எழுதினால், வார்ஃபரின் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு.

குறை தெரிந்தாலும், எடை குறைந்ததற்கு அதுவே காரணம் என்று அவசரப்பட வேண்டாம். ஒரு வாரம் அதே வீட்டுச் சாப்பாட்டையே மெல்லத் தேவையில்லாதபடி கொடுக்கச் சொல்லுங்கள்: முள் எடுத்து மசித்த மீன், குழைய வேகவைத்த பயறு, முட்டை, தயிர். அவர் தட்டைக் காலி செய்தால் சிக்கல் பெரும்பாலும் வாயில்தான். அப்படியும் பாதியில் நிறுத்தினால் மனச்சோர்வு, காசநோய், புற்றுநோய், மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவற்றைத் தேட வேண்டும். விழுங்கும்போது இருமினாலோ, குரல் ஈரமாக ஒலித்தாலோ அது விழுங்கும் கோளாறாக இருக்கலாம். அவருக்கு இந்தச் சோதனை வேண்டாம். நான்கு மாதத்தில் ஏறக்குறைய பத்து சதவீத எடை போயிருப்பதால், உணவு மாற்றத்தோடு மருத்துவரின் பரிசோதனையும் நடக்கட்டும்.

எலும்பு தேய்ந்து தளர்ந்த செட்டைப் பல் மருத்துவர் பல சமயம் உள்பூச்சு வைத்துப் பொருத்திவிடுவார். புதிது எப்போதும் தேவைப்படாது. வீட்டில் அரம் போட்டுத் தேய்ப்பதையும் வெந்நீரில் போடுவதையும் தடுங்கள், செட் கெட்டுவிடும். புண் ஆற ஓரிரு நாள் கழற்றி வைக்கலாம். ஆனால் பல் மருத்துவரிடம் போவதற்கு முன் சில மணி நேரமாவது அணிந்திருக்கச் சொல்லுங்கள். அழுந்தும் இடம் சிவந்திருந்தால்தான், எங்கே தேய்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.