சுண்டைக்காய்க்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?

வணக்கம் ஐயா. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் மாமா வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். மெனுவை ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டார். வத்தக்குழம்பு, கூட்டு, பொரியல், இடியாப்பம் என்று எதை எடுத்தாலும் கடைசியில் 'கறி' என்றோ 'ஃப்ரை' என்றோதான் வந்து நிற்கிறது. வத்தக்குழம்பில் சுண்டைக்காய்க்கு அகராதியைப் பார்த்தால் 'டர்க்கி பெர்ரி' என்கிறது. அதை அப்படியே போடலாமா? ஆங்கிலத்தில் இல்லாத பதார்த்தத்துக்கு என்னதான் பெயர் வைப்பது?
— வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

அன்புள்ள வாசகிக்கு,

பெயர் வைக்கவே வேண்டாம் அம்மா. பெயர் ஏற்கெனவே இருக்கிறது. வத்தக்குழம்பு என்பதை ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதுங்கள். வந்தவர் அதைப் படித்துச் சொல்ல வேண்டும், பரிமாறுகிறவருக்கு அது புரிய வேண்டும். 'புளிக்கறி' என்று நீங்கள் ஆங்கிலத்தில் ஒரு பெயரைக் கட்டினால், அந்தப் பெயரில் உங்கள் சமையல்கட்டில் ஒன்றும் கிடையாது. மேசையில் கேட்டதை ஆள் உள்ளே போய் என்னவென்று சொல்வார்? ழகரத்துக்கு என்ன எழுத்து என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஊரில் குழம்பைப் பலரும் 'எல்' போட்டுத்தான் எழுதுகிறார்கள், அதுவே போதும். ஆனால் ஒரு பக்கத்தில் ஒருவிதம், மறுபக்கத்தில் வேறுவிதம் என்று இருக்கக் கூடாது.

உங்கள் உழைப்பெல்லாம் பெயருக்குக் கீழே வரும் ஒற்றை வரியில்தான். சாப்பிட வந்தவர் அறிய விரும்புவது நான்கு விஷயம்: உள்ளே என்ன இருக்கிறது, தண்ணியா கெட்டியா உலர்ந்ததா, சுவை எந்தப் பக்கம், எப்படிச் சாப்பிடுவது. கடைசியதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். நானும் விட்டிருக்கிறேன். பல வருஷத்துக்கு முன் பினாங்கில் நண்பர் ஒருவரின் கடைக்கு மெனு எழுதிக் கொடுத்தபோது, வத்தக்குழம்புக்கு 'காரமான புளிக்கறி' என்று ஆங்கிலத்தில் போட்டேன். ஒரு மதியம் அங்கே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு வெளியூர்த் தம்பதி அதைக் கேட்டு வாங்கி, கோழிக்கறியை ஊற்றுவதுபோல் கிண்ணம் முழுவதையும் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார்கள். இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை. குழம்பில் குறையே இல்லை. எண்ணெய் பிரியச் சுண்டவைத்த குழம்பு அது. சூடான சோற்றில் இரண்டு கரண்டி விட்டு, அப்பளத்தோடு சாப்பிட வேண்டியது. 'கறி' என்று நான் எழுதிய சொல்தான் அவர்களை அப்படி ஊற்ற வைத்தது.

இப்போது சுண்டைக்காய். அகராதி தவறு சொல்லவில்லை, 'டர்க்கி பெர்ரி' என்பது அந்தக் காயின் ஆங்கிலப் பெயர்தான். ஆனால் மெனுவில் அதைப் பார்க்கிறவர் வான்கோழி இறைச்சி என்றோ, இனிப்புப் பழம் என்றோ நினைப்பார். சைவப் பக்கத்தில் அந்தச் சொல் இருந்தால் கேள்வி வரும். மணத்தக்காளி வத்தல் போடுகிற கடையென்றால் இன்னும் மோசம். அதன் ஆங்கிலப் பெயரில் வரும் 'நைட்ஷேட்' என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு நினைவில் வருவது நச்சுச்செடி. சரியான பெயர் சரியான மொழிபெயர்ப்பாக அமையாத இடங்கள் இவை. சுண்டைக்காய்க்கு நம் ஊரிலேயே வழி இருக்கிறது. மலாயில் அது 'தெருங் பிப்பிட்'. தெருங் என்றால் கத்தரிக்காய், பிப்பிட் ஒரு சின்னக் குருவி. சந்தைக்குப் போகிற மலாய்க்காரர்களுக்குத் தெரிந்த காய். மலாய் வரியில் அதையே போடுங்கள். ஆங்கில வரியில் காயின் பெயரைத் தேட வேண்டாம், காய் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுங்கள்: பட்டாணி அளவு, லேசான கசப்பு, மோரில் உப்புப் போட்டு ஊறவைத்து வெயிலில் காயவைத்தது.

ஆக ஆங்கில வரி இந்தப் பொருளில் வரட்டும்: 'மோரில் ஊறிக் காய்ந்த சின்னக் கசப்புக் காய்களை வறுத்துப் போட்ட, கெட்டியான புளிக்குழம்பு. புளிப்பும் உப்பும் தூக்கலாக இருக்கும். சோற்றில் கொஞ்சமாகக் கலந்து சாப்பிடுவது.' மலாயில் இன்னும் சுருக்கமாக முடியும். 'குவா ஆசாம் ஜாவா' என்றாலே புளி ஊற்றிய குழம்பு என்று எல்லாருக்கும் விளங்கும். கெட்டி என்பதற்குப் 'பெக்காட்' சேர்த்தால் பாதி வரி முடிந்தது. ஆங்கிலத்தையும் மலாயையும் ஒன்றிலிருந்து ஒன்று பெயர்க்காதீர்கள். மலாய் வாசகருக்குப் புளி, தேங்காய்ப்பால், கருவாடு எல்லாம் வீட்டுச் சமையல். வெளிநாட்டவருக்கு விளக்குவதையெல்லாம் அவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இடியாப்பத்தில் சிக்கல் வேறு. அதற்கு இங்கே 'புத்து மாயாம்' என்ற பெயர் இருக்கிறது, மலாய்க்காரரும் சீனரும் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் புத்து மாயாம் என்றால் அவர்கள் எதிர்பார்ப்பது தேங்காய்ப்பூவும் சர்க்கரையும். உங்கள் மாமா சொதியோ கறியோ ஊற்றித் தருகிறார் என்றால் இரண்டு பெயரையும் போட்டு, எதோடு வருகிறது என்பதையும் எழுத வேண்டும். தெரிந்த பெயர் இருப்பதனாலேயே இங்கே ஏமாற்றம் வரும்.

பொரியலை 'ஃப்ரை' என்று எழுதாதீர்கள், எண்ணெயில் முக்கிப் பொரித்தது என்று நினைப்பார்கள். தாளித்து வதக்கித் தேங்காய்ப்பூ தூவியது என்றால் போதும். கூட்டு என்பது பருப்போடு வேகவைத்த காய். வறுவல், பிரட்டல், ரசம் இவற்றைத் தொடவே வேண்டாம். வாழையிலைச் சாப்பாட்டுக்கு வருகிற எல்லா இனத்தாரும் அந்தச் சொற்களைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

இன்னொன்று, அவசியமானது. 'சைவம்' என்ற அடையாளம் மட்டும் போதாது. நம் பழக்கத்தில் வெங்காயமும் பூண்டும் சைவம்தான். ஆனால் பௌத்த முறையில் சைவம் சாப்பிடும் சீனர்கள் பலர் அவ்விரண்டையும் தொடமாட்டார்கள். வத்தக்குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசாகவே கிடக்கும். வரியின் கடைசியில் 'வெங்காயம், பூண்டு உண்டு' என்று எழுதிவிடுங்கள். கடையில் வாங்கும் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு, டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கோதுமை ஆகாதவர் கேட்டால் ஆளிடம் பதில் இருக்க வேண்டும்.

எழுதி முடித்ததும், நம் சாப்பாடு அதிகம் பழகாத ஒருவரிடம் வரியை மட்டும் படித்துக் காட்டுங்கள், படம் வேண்டாம். இது என்ன நிறம், இலையில் ஓடுமா நிற்குமா, எவ்வளவு போட்டுக்கொள்வீர்கள் என்று கேளுங்கள். 'நிறைய ஊற்றிக்கொள்வேன்' என்று சொன்னால் வரியைத் திருத்த வேண்டும். மெனு வந்த முதல் வாரம் எந்தக் கிண்ணம் நிறைவாகத் திரும்புகிறது என்று மாமாவைப் பார்க்கச் சொல்லுங்கள். சுவை பிடிக்காமலும் மிஞ்சும், ஆனால் ஒரே பதார்த்தம் புதிய ஆட்களிடமிருந்து மட்டும் திரும்பினால் வரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நான் மேலே எழுதிய வத்தக்குழம்பு வரி என் வீட்டுச் செய்முறையை வைத்து எழுதியது. உங்கள் சமையல்காரர் சுண்டைக்காய் போடுகிறாரா மணத்தக்காளியா, நல்லெண்ணெயா வேறெண்ணெயா, கடைசியில் வெல்லம் சேர்க்கிறாரா என்று கேட்டு எழுதுங்கள். வெல்லம் சேர்க்கிறார் என்றால் 'புளிப்பும் உப்பும்' என்ற இடத்தை மாற்ற வேண்டும். எள் ஒவ்வாதவர்கள் இருப்பதால் நல்லெண்ணெய் என்றால் அதையும் சொல்லியாக வேண்டும்.