டவர் கிடைக்காத மலையில் நான்கு நாள்

"நானும் கணவரும் ஐ.டி. வேலையில் இருக்கிறோம். பையனுக்கு 14 வயது, மகளுக்கு 9. நான்கு நாள் செல்போனே இல்லாமல் எங்காவது இருந்துவிட்டு வர ஆசை. ஆனால் மாமியார் மதுரையில் தனியாக இருக்கிறார், சர்க்கரை நோயாளி. அவசரம் என்றால் பேச வழி வேண்டும். எங்கே போகலாம்? பிள்ளைகள் போரடிக்கிறது என்று உயிரை எடுத்துவிடுவார்களோ?"
– வாசகி, சென்னை

மாமியாரை நினைத்தால், அறவே சிக்னல் இல்லாத காடு உங்களுக்கு ஒத்துவராது. "ஒண்ணும் ஆகியிருக்காதே" என்ற பதைப்பிலேயே நான்கு நாளும் ஓடிவிடும். தங்கும் அறையில் டவர் இருக்கக் கூடாது. பத்து நிமிடம் நடந்தால் ஓரிடத்தில் கிடைக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊராகத் தேடுங்கள்.

தேனி மாவட்டத்து மேகமலையைப் பாருங்கள். சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஹைவேவிஸ். தேயிலைத் தோட்டம், நீர்த்தேக்கம், சுற்றிலும் சோலைக்காடு, இரண்டு மூன்று டீக்கடை, அவ்வளவுதான் ஊர். எல்லா நிறுவன சிம்மும் அங்கே எடுக்காது, எடுப்பதும் வளைவுக்கு வளைவு மாறும். மாமியார் மதுரையில் இருப்பதால், ஏதாவது என்றால் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது இன்னொரு வசதி. ஒன்று மட்டும்: புலிகள் காப்பகப் பகுதி என்பதால் இரவில் மலைப்பாதையில் பொது வாகனங்களை விடுவதில்லை. ராத்திரி அவசரம் வந்தால் என்ன வழி என்று தங்குமிடத்தில் முன்பே கேட்டுவையுங்கள்.

முன்பதிவுக்கு முன் போன் செய்து, "சிக்னல் இருக்குமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். வாடிக்கையாளர் போய்விடுவாரோ என்ற பயத்தில் "சூப்பரா இருக்கும் சார்" என்றுதான் சொல்வார்கள். "எந்த சிம் எடுக்கும், அறைக்குள்ளா வெளியிலா, எங்கே போய் நின்று பேசுவீர்கள்?" என்று கேளுங்கள். "டீக்கடைப் பக்கம் போனா கிடைக்கும்" என்று பதில் வந்தால் அதுதான் நமக்கான இடம். வைஃபை உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். டவரே இல்லாத ஊருக்குத் தேடிப் போய், விடுதி வைஃபையில் நான்கு நாளும் ரீல்ஸ் பார்த்துத் திரும்பிய குடும்பம் எனக்குத் தெரியும்.

தங்குமிடத்து எண்ணை மாமியாருக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். தினமும் மாலை 5 மணிக்கு நீங்களோ கணவரோ, ஒருவர் மட்டும், அந்த டவர் இடத்துக்குப் போய் அத்தையிடம் பேசிவிட்டு வரலாம். மற்ற நேரம் போன் பெட்டிக்குள் அணைந்தே கிடக்கட்டும். சும்மா விட்டால் டவரைத் தேடித் தேடியே சார்ஜ் தீர்ந்து, அவசரத்துக்கு உதவாமல் போகும்.

இந்த மாதிரிப் பயணங்கள் எங்கே கவிழ்கின்றன தெரியுமா? மணி பார்க்கப் போனை எடுப்போம். டார்ச்சுக்கு எடுப்போம், போட்டோவுக்கு எடுப்போம். எடுத்த கை சும்மா வைக்காது. ஆகவே போன் செய்யும் வேலைகளுக்கெல்லாம் மாற்று ஆள் வேண்டும்: கைக்கடிகாரம், அலாரம் கடிகாரம், ஆளுக்கொரு டார்ச், பழைய கேமரா, அச்செடுத்த முன்பதிவுத் தாள். டவர் இல்லாவிட்டால் ஜிபே ஓடாது. சின்னமனூரிலேயே ரொக்கம் எடுத்துவிடுங்கள். ஓ.டி.பி. கேட்கும் வேலை எதையும் அந்த நான்கு நாளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் நாள் புது இடம், தானாக ஓடிவிடும். இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி நேரம் இருக்கிறதே, அதுதான் கண்டம். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். உங்கள் கணவர் மெயில் பார்க்கக் காரணம் தேடுவார். தாயக்கட்டை, சீட்டுக்கட்டு, பல்லாங்குழியை அந்த நேரத்துக்கென்றே ஒளித்துவைத்து எடுங்கள். தாயத்தில் இரண்டிரண்டு பேராக இரண்டு கட்சி பிரிந்து உட்கார்ந்தால் ஓர் ஆட்டம் ஒரு மணி நேரத்தைச் சுலபமாக விழுங்கும். ஜெயிக்கிற கட்சிக்கு இரவு என்ன சாப்பாடு என்று முடிவு செய்யும் உரிமை கொடுத்தால் சண்டையும் சேர்ந்து களைகட்டும்.

காலை நேரத்தை நீங்கள் நிரப்பவே வேண்டாம். விடியலில் நீரோடைப் பக்கம் யாரோ பையன் சீட்டியடித்துக்கொண்டு போவதுபோல் கேட்கும். அது சீகாரப் பூங்குருவி. இருவாச்சி பறந்தால் ரயில் எஞ்சின் மூச்சு விடுவதுபோல் இறக்கைச் சத்தம் முதலில் வரும், பறவை அப்புறம்தான் கண்ணில் படும். ஒரு பைனாகுலரைப் பையனிடமும் ஒரு நோட்டை மகளிடமும் கொடுத்து, பார்த்ததை வரைந்து நேரம் குறிக்கச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் "சிவப்பு வாலன்" என்று அவளே வைக்கட்டும். கூகுள் செய்ய முடியாததால் டீக்கடைக்காரரைத்தான் கேட்பாள், அவரும் ஒரு கதையோடு சொல்வார். யானையும் காட்டுமாடும் நடமாடும் இடம். வெளிச்சம் நன்றாக வந்தபின் ஊரையொட்டிய சாலையில் மட்டும் நடங்கள், அந்தி சாய்வதற்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

மழைக்காலத்தில் அட்டை மொய்க்கும், நடை பாதியாகக் குறையும். பள்ளி விடுமுறையையும் பார்த்தால் உங்களுக்கு ஜனவரி, பொங்கலை ஒட்டிய நாட்கள் தோதுப்படும். குளிர் கடுமையாக இருக்கும், ஸ்வெட்டரை மறக்காதீர்கள்.