தொட்டில் நின்றால் எழும்பிவிடும் பிள்ளை

"ஒன்பது மாசப் பையன். நல்லா உறங்கிட்டிருந்தவன் மூணு வாரமா ராத்திரி மணிக்கொரு தடவை எழும்பி அழுறான். தொட்டில ஆட்டுனாத்தான் திரும்ப உறங்குறான். அழவிட்டுப் பழக்க எனக்கு மனசு வரல. வேற வழி உண்டா?"

உண்டு, ஆனால் இரண்டு வாரம் பிடிக்கும். தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டில் மகளுக்கு இதே ஒன்பதாம் மாதத்தில் இதே கதைதான்.

முதலில் காய்ச்சல், சளி, காதுவலி எதுவும் இல்லை என்று டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். அதன்பிறகு மூன்று நாள், எப்போது உறங்கினான், எப்போது எழும்பினான் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வையுங்கள். நான் குறித்த தாளில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. சாயந்திரம் ஆறு மணிக்கு மாமி தொட்டிலில் போட்டு ஆட்ட, முக்கால் மணி நேரம் உறக்கம். பிறகு ராத்திரி பத்து வரை உறங்காமல் விளையாட்டுதான். இந்த வயதில் பல பிள்ளைகளுக்குப் பகலில் இரண்டு உறக்கம் போதும், மூன்றாவது உறக்கம் ராத்திரியைத் தின்றுவிடும். அதை நிறுத்தினோம். காலை ஆறு மணிக்கு எழும்பினால் ஒன்பதுக்கு ஒரு உறக்கம், மதியம் ஒன்றேகாலுக்கு இன்னொன்று, மூன்று மணிக்குள் எழுப்பிவிடுவது, ராத்திரி ஏழேகாலுக்குப் படுக்கை. முதல் இரண்டு நாள் சாயந்திரம் சிணுங்கினாள். முற்றத்தில் கோழி காட்டி ஓட்டினோம்.

அடுத்தது தொட்டில். பிள்ளையின் உறக்கம் ஏறக்குறைய ஒரு மணி நேரச் சுற்றுகளாகப் போகும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் லேசாக விழிப்பு வரும். உறங்கும்போது ஆட்டம் இருந்தது, விழிக்கும்போது இல்லை என்றால் அதைத் தேடி அழும். மணிக்கொரு தடவை என்ற கணக்கு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. முன்பும் அப்படித்தான் விழித்திருப்பான். இப்போது எழும்பி நிற்கத் தெரியும், அம்மா பக்கத்தில் இல்லை என்பதும் புரியும், அதனால் ஊரையே கூட்டுகிறான்.

இன்னொன்று, துணித் தொட்டில் இந்த வயதுக்கு ஆபத்து. ஒருநாள் அடுக்களையிலிருந்து வந்து பார்த்தால் மகள் முட்டிபோட்டு, தொட்டில் கம்பைப் பிடித்து, நெஞ்சு வரை வெளியே சாய்ந்து நிற்கிறாள். அன்றைக்கே அவிழ்த்துவிட்டேன். "தொட்டில் இல்லாம பிள்ளை எப்படி உறங்கும் மக்களே?" என்று மாமிக்கு ஒரே வருத்தம்.

தரையில் பாய், அதன்மேல் இறுக்கமாக விரித்த ஒரு துணி, தலையணை கிடையாது. ஆட்டத்தைப் படிப்படியாகக் குறைத்தேன். முதல் மூன்று ராத்திரி மடியில் வைத்து ஆட்டி உறங்க வைத்தேன். அடுத்த மூன்று ராத்திரி மடியில்தான், ஆனால் கண் சொருகியதும் ஆட்டத்தை நிறுத்திவிடுவேன். அதற்கப்புறம் பாயில் கிடத்தி முதுகில் தட்டல், பிறகு கை மட்டும் மேலே. அழுதால் எடுத்தேன், அடங்கியதும் கிடத்தினேன். ஒரு ராத்திரி பதினோரு தடவை எடுத்தேன், எண்ணினேன். அழுதாள்தான், ஆனால் ஒரு நிமிஷம்கூடத் தனியாக அழவில்லை.

நடு ராத்திரி சத்தம் கேட்டதும் பாய்ந்து தூக்காதீர்கள். பிள்ளைகள் உறக்கத்திலேயே முனகும். இருபது எண்ணும்வரை பாருங்கள், பாதி தடவை தானே அடங்கிவிடும். என் மகளுக்கு இன்னொரு கஷ்டம், ஜன்னல் கம்பியைப் பிடித்து எழும்பி நிற்பாள், உட்காரத் தெரியாது. பகலில் காலடியில் கரண்டியைப் போட்டு, முட்டியை மடக்கி உட்காரப் பழக்கினேன். நாலு நாளில் பிடித்துக்கொண்டாள்.

ராத்திரிப் பாலை நான் நிறுத்தவில்லை. ஒன்றிரண்டு தடவை இந்த வயதில் சகஜம். படுக்கும்முன் பாலை மட்டும் கொஞ்சம் முன்னாடி தள்ளினேன், பால் குடித்தபடியே உறங்கிவிடாமல் இருக்க. பகலில் அறையைவிட்டுப் போகும்போது நைசாக நழுவாமல், "அம்மை இப்ப வாறேன்" என்று சொல்லிப் போய், சொன்னபடி வந்தேன்.

ஐந்தாம் ராத்திரி எல்லாம் பழையபடி ஆனது, அதற்காகத் தொட்டிலைத் திரும்பக் கட்டவில்லை. பத்தாம் நாள் இரண்டு தடவைதான் எழும்பினாள். அதிகாலை ரப்பர் பால்வெட்டப் போகும் என் வீட்டுக்காரர் பைக்கை ரோடு வரை தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்வதும் அந்த வாரம்தான் தொடங்கியது.

உறங்க வைக்கச் சளி மருந்து, வசம்பு, தேன் எதையும் யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். தினமும் குறட்டை விட்டாலோ, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தாலோ, எடை ஏறாமல் இருந்தாலோ, இந்தப் பழக்கமெல்லாம் பிறகு பார்க்கலாம், குழந்தை டாக்டரிடம் போங்கள்.